627802: ஆறு இலக்கம் ஒரு கடிதத்தை எப்படி ஊர் சேர்க்கிறது

கேள்வி: குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குக் குடிவந்திருக்கிறோம். ஊரிலேயே சிறிய தபால் நிலையம் இருக்கிறது. ஆனாலும் எல்லோரும் குற்றாலத்தின் பின்கோடான 627802-ஐத்தான் எழுதுகிறார்கள். எங்கள் ஊருக்கென்று தனி எண் ஏன் இல்லை? இந்த ஆறு இலக்கங்களில் எது எதைக் குறிக்கிறது? ஒரு இலக்கம் தவறினால் என்ன ஆகும்?

பதில்:

உங்கள் ஊரார் எழுதுவது சரிதான். அந்த எண் உங்கள் வீட்டுக்கோ ஊருக்கோ வைத்த எண் இல்லை; உங்களுக்கு வரும் தபாலைப் பட்டுவாடாவுக்காக வாங்கிப் பிரிக்கும் அஞ்சலகத்தின் எண். உங்கள் ஊர் அஞ்சலகத்துக்குத் தபால் குற்றாலத்திலிருந்து வருவதால் குற்றாலத்தின் எண் உங்களுக்கும் பொருந்துகிறது. இந்த ஒன்று பிடிபட்டால் மற்ற குழப்பங்களும் விலகிவிடும். நான் ரயில்வே மெயில் சர்வீஸில், அதாவது ஆர்.எம்.எஸ்.ஸில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடிதம் பிரித்தவன். அதனால் அந்த எண்ணை எங்கள் மேசையிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்றே சொல்கிறேன்.

இந்த முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் இதை வகுத்தார். ஒரே பெயரில் பல ஊர்கள், ஊருக்கொரு மொழி, ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் என்று பிரிப்பவர்கள் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. நம் பக்கத்திலேயே பாருங்கள். பாபநாசம் என்று மட்டும் எழுதிய கடிதம் தாமிரபரணிக் கரைக்குப் போக வேண்டுமா, காவிரிப் பக்கம் தஞ்சாவூர் மாவட்டத்துக்குப் போக வேண்டுமா? பெயர் உதவாது. 627425 என்று இருந்தால் அம்பாசமுத்திரத்தை அடுத்த பாபநாசம். 614205 என்று இருந்தால் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம். ஊர்ப்பெயரைப் படிக்கத் தெரியாத வடமாநில ஊழியர்கூட எண்ணைப் பார்த்துக் கடிதத்தைச் சரியான திசைக்கு அனுப்பிவிடலாம்.

இனி 627802. இடமிருந்து வலமாக, அவசரமில்லாமல் படிக்க வேண்டும்.

முதல் இலக்கம் 6. நாடு எட்டு புவியியல் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்பதாவது இராணுவ அஞ்சலுக்கு உரியது. 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, இலட்சத்தீவு. டெல்லியும் அதன் வடபுறமும் 1. கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா 5. பிகாரும் ஜார்க்கண்டும் 8. பாட்னாவில் ஒருவர் உங்களுக்குக் கடிதம் போட்டால், அங்கே பிரிப்பவருக்கு உங்கள் எண்ணின் முன்பகுதி போதும். தெற்கே போகும் பையில் போட்டுவிடுவார். பின்னால் இருக்கும் 802 அவருக்குத் தேவையே இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் பிரிப்பவர் தமக்கு வேண்டிய இலக்கத்தை மட்டும் பார்க்கிறார். மீதியை அடுத்தவருக்கு விட்டுவிடுகிறார். இந்த அமைப்பின் அழகு அதில்தான் இருக்கிறது என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது இலக்கத்தையும் சேர்த்தால் 62. முதல் இரண்டு இலக்கங்கள் அஞ்சல் வட்டத்தையும், அதாவது பெரும்பாலும் ஒரு மாநிலத்தை ஒட்டிய அஞ்சல் நிர்வாகப் பிரிவையும், அதற்குள் ஒரு பகுதியையும் காட்டும். தமிழ்நாட்டு அஞ்சலகங்களில் நாம் இன்று காணும் எண்கள் 60 முதல் 64 வரை தொடங்குகின்றன. 67, 68, 69 கேரளம். புதுச்சேரிக்குத் தனி அஞ்சல் வட்டம் கிடையாது என்பதால் அதன் கதை வேடிக்கையாக இருக்கும். புதுச்சேரி நகரம் 605001, காரைக்கால் 609602. இரண்டும் தமிழ்நாட்டு வரிசையில் வருகின்றன. மாஹே 673310, கேரள வரிசை. ஏனாம் 533464, அது ஆந்திர வரிசை, முதல் இலக்கமே வேறு. ஓர் ஆட்சிப்பகுதியின் நான்கு துண்டுகள், தபால் எந்த வழியாகப் போய்ச் சேருமோ அந்த வழியின் எண்ணைப் பெற்றிருக்கின்றன. நிர்வாக எல்லையைவிடத் தபால் போகும் பாதைதான் இங்கே கணக்கு.

மூன்றாவது இலக்கமும் சேர்ந்தால் 627. இதை எங்கள் துறையில் வகைப்பிரிப்பு மாவட்டம் என்போம். 627 திருநெல்வேலி, 628 தூத்துக்குடி, 629 கன்னியாகுமரிப் பக்கம், 625 மதுரை. பலர் இதை வருவாய் மாவட்டம் என்று நினைத்துவிடுகிறார்கள். தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது 1986-இல். ஆனால் தபால் பிரிப்பில் அது தனி மையமாக இருந்ததால் தனக்கென்று ஒரு மூன்றிலக்க எண்ணைப் பெற்றிருந்தது. தென்காசியில் இதற்கு நேர்மாறு. 2019-இல் தனி மாவட்டமாகிவிட்டது. பின்கோடு மட்டும் 627-இலேயே இருக்கிறது. இணையத்தில் பொருள் வாங்கும்போது உங்கள் எண்ணைத் தட்டியதும் மாவட்டம் என்ற கட்டத்தில் ‘திருநெல்வேலி’ என்று தானாக வந்து நிற்கலாம். அந்தப் பட்டியல் பழையது, அவ்வளவுதான். உங்கள் எண்ணில் பிழை என்று எண்ணி மாற்றிவிடாதீர்கள்.

நான்காவது இலக்கத்தைப் பற்றி வெளியில் யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்குப் பிடித்த இலக்கம் அதுதான். வகைப்பிரிப்பு மாவட்டத்துக்குள் அந்த அஞ்சலகம் எந்தத் தடத்தில் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. மையத்திலேயே இருக்கும் அஞ்சலகங்களுக்கு அங்கே 0 வரும்: திருநெல்வேலித் தலைமை அஞ்சலகம் 627001, பாளையங்கோட்டை 627002. தெற்கே நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் போனால் 627108, 627117 என்று 1 வருகிறது. மேற்கே அம்பாசமுத்திரம் 627401, அங்கே 4. குற்றாலம், தென்காசி, செங்கோட்டை எல்லாவற்றிலும் 8.

திருநெல்வேலியில் தபால் பிரிக்கும் சார்ட்டிங் கேஸின் முன்னால் நின்றிருந்தால் இது உங்களுக்குக் கண்ணால் தெரிந்திருக்கும். ஆளுயரத்துக்கு ஒரு மரச்சட்டம், புறாக்கூடுகள் போல வரிசையாக அறைகள், ஒவ்வோர் அறையின் தலையிலும் ஊர்ப்பெயர் எழுதிய அட்டை. இடது கையில் ஒரு கட்டுக் கடிதம். கட்டைவிரல் ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள, கண் முகவரியின் கீழ் வலது மூலைக்கு மட்டும் போகும். 8 என்றால் வலது கை தானாக அந்தப் பக்கத்து அறைகளுக்கு நீளும். கடைசி இரண்டு இலக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் கடிதம் அறைக்குள் விழுந்திருக்கும். பெயரைப் படித்துப் பிரிக்க வேண்டி வந்தால் கை அந்த இடத்தில் தடுமாறும்.

கடைசி இரண்டு இலக்கங்கள் அந்தத் தடத்தில் இருக்கும் குறிப்பிட்ட பட்டுவாடா அஞ்சலகத்தைக் காட்டுகின்றன. இதில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் தடத்தின் எண்களை வரிசையாக வையுங்கள்: குற்றாலம் 02, இலஞ்சி 05, பாவூர்சத்திரம் 08, செங்கோட்டை 09, தென்காசி 11. இவற்றின் ஆங்கிலப் பெயர்களை எழுதிப் பாருங்கள். சி, ஐ, பி, எஸ், டி என்று ஆங்கில அகரவரிசையில் நிற்கும். நாங்குநேரித் தடத்திலும் அப்படியே: நாங்குநேரி 08, பணகுடி 09, இராதாபுரம் 11, வள்ளியூர் 17. அன்று இருந்த அஞ்சலகங்களை அகரவரிசைப்படி எழுதி எண் போட்டிருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. பிறகு உருவான பட்டுவாடா அஞ்சலகங்களுக்கு அடுத்துக் காலியாக இருந்த எண் போனது. அதனால் தென்காசியை ஒட்டியே இருக்கும் மேலகரம் 627818 என்று தள்ளி நிற்கிறது.

ஆகவே 802-க்கும் 805-க்கும் இடையே இத்தனை கிலோமீட்டர் என்றெல்லாம் கணக்குப் போட முடியாது. கடைசி இரண்டு எண்களுக்குத் தூரம் தெரியாது. சென்னையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அண்ணா நகர் 600040, திருவான்மியூர் 600041. அடுத்தடுத்த எண்கள், ஆனால் ஒன்று நகரின் வடமேற்கில், மற்றது தெற்கே கடற்கரையில். சென்னையின் பல எண்கள் 1972-க்கு முன்பே வழக்கில் இருந்த பட்டுவாடா மண்டல எண்களின் தொடர்ச்சி. ‘மெட்ராஸ்-4’ என்று எழுதிய மயிலாப்பூர் 600004 ஆனது. ‘மெட்ராஸ்-17’ என்று எழுதிய தியாகராய நகர் 600017 ஆனது. இன்றும் வயதானவர்கள் ‘சென்னை-17’ என்றே எழுதுவார்கள், அது சரியாகவும் போய்ச் சேரும்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி: ஊரில் அஞ்சலகம் இருந்தும் தனி எண் ஏன் இல்லை? அஞ்சலகங்களில் மூன்று படி உண்டு. மேலே தலைமை அஞ்சலகம், அதன் கீழே துணை அஞ்சலகங்கள், ஒவ்வொரு துணை அஞ்சலகத்தோடும் இணைந்த கிளை அஞ்சலகங்கள். கிராமங்களில் கிராம அஞ்சல் ஊழியர்கள் நடத்தும் சிறிய அலுவலகம் பெரும்பாலும் கிளை அஞ்சலகமாக இருக்கும். நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் இருக்கின்றன; பின்கோடுகளோ சுமார் 19,000. மீதி அத்தனையும் தாய் அஞ்சலகத்தின் எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன.

இதற்குக் காரணம் பை. திருநெல்வேலியில் கட்டும் தபால் பை குற்றாலத்தின் பெயரில் கட்டப்படுகிறது. உங்கள் கிராமத்தின் பெயரில் தனிப் பை அங்கே கட்டுவதில்லை. குற்றாலத்தில் பையை அவிழ்த்த பிறகுதான் எது உள்ளூர்த் தபால்காரரின் பீட்டுக்கு, எது எந்தக் கிளை அஞ்சலகத்துக்கு என்று பிரிப்பார்கள். பீட் என்பது ஒரு தபால்காரர் நாள்தோறும் சுற்றும் தெருக்களின் தொகுப்பு. உங்கள் கடிதம் கிளை அஞ்சலகத்துக்கான பையில் ஏறி, உங்கள் ஊருக்கு வந்து, அங்கிருந்து வீட்டுக்கு வருகிறது. அந்தக் கடைசிப் பிரிப்பில் எண் உதவாது. குற்றாலத்தோடு இணைந்த எல்லா ஊர்களுக்கும் அதே 627802-தான். அங்கே வேலை செய்வது நீங்கள் எழுதும் ஊர்ப்பெயர்.

நம் பெரியவர்கள் ‘இன்ன அஞ்சல், இன்ன வழி’ என்று எழுதிய பழக்கத்துக்கு இதுதான் பொருள். இன்று பலர் பின்கோடு இருக்கிறதே என்று அந்த வரியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். கிராமத்து முகவரியை இப்படி எழுதுங்கள்:

```
வீட்டு எண், தெரு
உங்கள் ஊர் அஞ்சல்
குற்றாலம் வழி
தென்காசி மாவட்டம்
627802
```

இரண்டாவது வரி கிளை அஞ்சலகத்துக்காக, மூன்றாவது வரி துணை அஞ்சலகத்துக்காக, கடைசி வரி அதற்கு முந்திய எல்லா இடங்களுக்காக.

ஒரு இலக்கம் தவறினால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். எந்த இலக்கம் என்பதைப் பொறுத்தது. கடைசி இலக்கம் பிசகி 627802 என்பது 627805 ஆகிவிட்டால் கடிதம் இலஞ்சியில் இறங்கும். அங்கே ஊர்ப்பெயரைப் பார்த்ததுமே ‘இது நம்முடையது இல்லை’ என்று திருப்பிவிடுவார்கள். பெரும்பாலும் ஓரிரு நாள் தாமதத்தோடு முடிந்துவிடும். முன்னால் இருக்கும் இலக்கங்கள் பிசகினால் தொலைவு கூடிவிடும். 627 என்பதை அவசரத்தில் 672 என்று மாற்றிப் போட்டால் முதல் இரண்டு இலக்கம் 67, கேரளம். கைப்பிரிப்பில் அனுபவப்பட்டவர் ‘தென்காசி’ என்ற சொல்லைப் பார்த்து நிறுத்திவிடுவார். விரைவு அஞ்சலில் அப்படி நடக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. கவுன்ட்டரில் தட்டும் பின்கோடுதான் பட்டைக்குறி ஒட்டிய அந்த உறையின் பயணத்தைத் தீர்மானிக்கிறது. உறைமேல் நீங்கள் சரியாக எழுதியிருந்தாலும், கணினியில் தவறாகப் பதிந்தால் தவறான ஊருக்கே போகும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஓய்வு பெற்ற பின் உறவினர் ஒருவருக்குத் தாமிரபரணிப் பாபநாசத்துக்கு ஒரு திருமண அழைப்பிதழை விரைவு அஞ்சலில் அனுப்பினேன். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் என்னிடம் ஊர்ப்பெயரைக் கேட்டார். பட்டியலில் முதலில் வந்த பாபநாசத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். ரசீதைப் பார்க்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அழைப்பிதழ் தஞ்சாவூர்ப் பக்கம் போய்த் திரும்பியது. திருமணம் முடிந்து இரண்டாம் நாள் உறவினரின் கைக்குக் கிடைத்தது. அத்தனை ஆண்டுகள் பிரித்த கைக்கு அன்று அந்த ரசீதை விரித்துப் பார்க்கத் தோன்றவில்லையே என்று இன்றும் மனம் பொறுக்கவில்லை. ரசீதில் பின்கோடு அச்சாகியிருக்கும். கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன் அந்த ஆறு இலக்கத்தை மட்டும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

எண்ணே தன் பிழையைக் காட்டிக்கொடுக்காதா என்று சிலர் கேட்பதுண்டு. ஆதார் எண்ணில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்காக வைத்தது. ஓர் இலக்கம் மாறினால் கணினி பிழை என்று சொல்லிவிடும். பின்கோட்டில் அப்படி ஒன்று இல்லை. ஆறு இலக்கமும் இடத்தைக் காட்டவே செலவாகிவிட்டன. தவறான எண் வேறொரு ஊரின் சரியான எண்ணாக இருந்தால், இயந்திரத்துக்கு அது தவறு என்று தெரிய வழியே இல்லை. முகவரியில் ஊர்ப்பெயரும் மாவட்டமும் இருந்தால்தான் மனிதக் கண் அந்த முரணைப் பிடிக்கும்.

உங்கள் எண்ணை உறுதி செய்துகொள்ள வேண்டுமென்றால் அஞ்சல் துறையின் இணையதளத்தில் தேடலாம். அங்கே அஞ்சலகத்தின் பெயருக்குப் பக்கத்தில் HO, SO, BO என்று இருக்கும்; முறையே தலைமை, துணை, கிளை. இன்னொரு கட்டத்தில் Delivery அல்லது Non Delivery என்று இருக்கும். அதைத் தவறாமல் பாருங்கள். தபால்தலை விற்பார்கள், சேமிப்புக் கணக்கு நடத்துவார்கள், ஆனால் தபால்காரரே இல்லாத அஞ்சலகங்கள் நகரங்களில் ஏராளம். வீட்டுக்கு எதிரே அப்படி ஒன்று இருந்தால் அதன் பெயரை முகவரியில் எழுதத் தோன்றும். உங்கள் தபால் அங்கிருந்து வருவதில்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேறோர் அலுவலகத்திலிருந்து வரும். அருகில் இருக்கும் அஞ்சலகம் எது என்று கேட்காதீர்கள். உங்கள் தெருவுக்கு வரும் தபால்காரர் காலையில் எந்த அலுவலகத்தில் பையை எடுக்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்வதே முடிந்த விடை. வரைபடச் செயலியில் ஊரைத் தட்டினால் வரும் எண்ணை நம்பி எழுத வேண்டாம். பட்டுவாடா எல்லை தபால்காரரின் பீட்டை ஒட்டிப் போவது, சாலை நடுவே ஓடி இரண்டு பக்கத்துக்கும் இரண்டு எண் தருவதும் உண்டு.

2025-இல் அஞ்சல் துறை டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீட்டை அறிமுகப்படுத்தியது. அது நாட்டைச் சுமார் நான்கு மீட்டர்ச் சதுரங்களாகப் பிரித்து, வீட்டு வாசலையே குறிக்கிறது. அதனால் 627802 தேவையில்லாமல் போய்விடும் என்று சிலர் பேசுவதைக் கேட்டேன். இரண்டும் வெவ்வேறு வேலை. டிஜிபின் வாசல் எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. எந்த அலுவலகத்தில் பை அவிழ்கிறது, யார் கொண்டுவந்து தருகிறார் என்பதைப் பின்கோடு சொல்கிறது. உங்கள் பகுதியில் வீடுகள் பெருகிக் குற்றாலத்தின் சுமை தாங்காமல் புதிய பட்டுவாடா அஞ்சலகம் ஒன்று திறந்தால் உங்கள் பின்கோடு மாறவும் கூடும், டிஜிபின் அப்படியே இருக்கும். அப்படி மாறினால் முதலில் தெரிவது எண்ணில் இருக்காது. வழக்கமாக வரும் தபால்காரருக்குப் பதில் வேறொருவர் வருவார், உறையின் பின்பக்கத்து முத்திரையில் வேறோர் அஞ்சலகத்தின் பெயர் இருக்கும். அதைக் கண்டால் மறுநாளே அவரிடம் புதிய எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் ரேஷன் அட்டைக்கும் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.